புதுப்பிப்பு: நான் விக்கிற 7 கிலோ வாஷிங் மெஷின், பிழியும்போது வர்ற சத்தம் பற்றி

விளம்பரத்தைப் பார்த்தவங்க கேட்டது: “பிழியும்போது சத்தம் வருதா? எப்போ வந்து எடுக்கலாம்?”

வருதுங்க. முன்பக்கக் கதவு மெஷின், வயசு 8. பெல்ட்டா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். அதைப் போன வருஷமே மாத்தியாச்சு. இன்னொருத்தர் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிட்டு டிரம்மைக் கையால சுத்தினேன். கரகரன்னுது, விளிம்பைத் தூக்கினா ஆடுது. அப்போ பேரிங்தான். சீல் கசிஞ்சு தண்ணி இறங்கினதாலயான்னு கழட்டினாத்தான் தெரியும். விலையைக் குறைச்சிட்டேன்.

சனிக்கிழமை காலையில வாங்க, தூக்க ரெண்டு பேராவது வேணும். கீழ் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிச்சு வைக்கிறேன். டிரம்மை அசையாமப் பிடிக்கிற போல்ட் நாலுல ஒண்ணைக் காணோம், அதனால வண்டியில நிமிர்த்தியே ஏத்துங்க.