மூன்று வாரிசுகள், ஒரே 26QB: எப்படிப் பிரிப்பது?

திருமங்கலத்தில் அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன், தம்பி, தங்கை மூவரும் சேர்ந்து 72 லட்சத்துக்கு விற்றார்கள். ஆளுக்கு 24 லட்சம், எல்லோரும் இந்தியாவிலேயே இருப்பவர்கள். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகான கிரயம் என்பதால் 50 லட்ச வரம்பை மொத்த விலையை வைத்தே பார்க்க வேண்டும். அதனால் வாங்கியவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்தது சரிதான்.

தவறு படிவத்தில். பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டும் 26QB படிவத்தை ஒவ்வொரு விற்பவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். வாங்கியவரோ முழு 72,000 ரூபாயையும் அண்ணன் பான் எண்ணில் கட்டிவிட்டார். இப்போது அண்ணனின் வரி வரவு அறிக்கையான 26AS-இல் 72 லட்ச விற்பனை நிற்கிறது. மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை.

வாங்கியவர் வருமான வரித் துறையின் TRACES தளத்தில் திருத்தம் கேட்கலாம். ஆனால் அங்கே விற்பவர் பானை மாற்றினால் முழுத் தொகையும் அப்படியே இன்னொருவருக்குப் போகும், மூன்றாகப் பிரியாது. முதல் படிவத்தை 24 லட்சமாகக் குறைத்து, மற்ற இருவருக்கும் புதிதாகப் போட்டால் தாமத வட்டியும் நாளுக்கு 200 ரூபாய் கட்டணமும் வாங்கியவர் தலையில் விழும். மனுஷன் அதற்குத் தயங்குவது நியாயமே.

விதி 37BA(2)-இன்படி அண்ணன் உறுதிமொழி கொடுத்து, ரிட்டர்னின் டிடிஎஸ் அட்டவணையில் ஆளுக்கு 24,000-ஐ மற்ற இருவர் பானுக்கு மாற்றிக் காட்டலாமா? 26QB-க்கு இப்படிச் செய்து, தம்பி தங்கைக்கு வரவு கிடைத்த ஆடிட்டர்கள் யாராவது இருந்தால், என்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.