காவடி வீடியோவில் எல்லோரும் ஒல்லியாகத் தெரிகிறார்கள், பெரிதாக்கியும் சரியாகவில்லை

வைரவேல்_டர்பன்
வணக்கம். அவசர உதவி வேண்டும். வரும் சனிக்கிழமை எங்கள் ஆயாவின் திதி. அன்று வீட்டில் போட்டுக் காட்டலாம் என்று ஒரு பழைய காவடி வீடியோவைப் பெரிதாக்கினேன். கணினி 19 மணி நேரம் ஓடியது. அதற்கு முன் ஒரு முறை பாதியில் மின்வெட்டு வந்து எல்லாம் வீணாகியிருந்தது. படம் தெளிவாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் அத்தனை பேரும் நெட்டையாக, ஒல்லியாக இருக்கிறார்கள். ஆயா நல்ல வாட்டசாட்டமானவர். இதில் பனைமரம் மாதிரி நிற்கிறார். வேறு எந்த மென்பொருள் நல்லது?

பீனிக்ஸ்_பார்வதி
தம்பி, மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். மூலம் என்ன, டிவிடியா கேசட்டா? எந்த ஆண்டு எடுத்தது? பெரிதாக்குவதற்கு முன்பும் ஒல்லியாகத்தான் இருந்தார்களா? வெளிவந்த கோப்பின் அகலம், உயரம் எவ்வளவு?

பழைய_நாடா
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பிக்சல் சதுரமாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? தேடிப் படித்துவிட்டு வரும் பழக்கமே போய்விட்டது.

யாங்கோன்_மணி
ஐயா, எனக்கும் இதே தொல்லை இருந்தது. எங்கள் கோவில் தீமிதி டிவிடி 720×480. அதில் பிக்சல் உயரத்தைவிட அகலம் குறைந்தது, அதனால் அகலத்தை 0.9 ஆல் பெருக்க வேண்டும். 720-ஐ 648 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

பீனிக்ஸ்_பார்வதி
மணி அண்ணா, அது பர்மாவுக்குச் சரி. அங்கே என்டிஎஸ்சி முறை, 480 வரி. இங்கே தென்னாப்பிரிக்காவில் பால் முறை, 576 வரி. (பால்குடத்துப் பால் அல்ல.) இங்கே பிக்சல் உயரத்தைவிட அகலம் கூடியது. நீங்கள் சொன்ன கணக்கைத் தம்பி போட்டால் ஆயா இன்னும் மெலிந்துவிடுவார்.

யாங்கோன்_மணி
அப்படியா! ஊருக்கு ஊர் பிக்சல் மாறும் என்று தெரியாது. என் படம் சரியாக வந்ததே என்று சொன்னேன்.

வைரவேல்_டர்பன்
மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். 2004-ல் சித்தப்பா மினி டிவி கேமராவில் எடுத்தது. ஒரு கடையில் கொடுத்து டிவிடி ஆக்கினார்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, டிவிடி மட்டும்தான் மிச்சம். அதிலிருந்த VOB கோப்பை எடுத்துக் கொடுத்தேன். வெளிவந்தது 2880×2304. வரவேற்பறை டிவியில் டிவிடியைப் போட்டால் எல்லோரும் சரியாகவே தெரிகிறார்கள், அக்கா.

உம்பிலோ_சிவா
மினி டிவி என்றால் சின்னத் திரை டிவியா? அதன் பொத்தானில் 16:9 என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சரிசெய்தேன்.

பழைய_நாடா
அது கேசட்டின் பெயர், சிவா. உள்ளங்கைக்குள் அடங்குமே, அந்தக் கேசட்.

பீனிக்ஸ்_பார்வதி
2880-ஐ 2304-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வருகிறது. 720-ஐ 576-ஆல் வகுத்தாலும் அதேதான். அதாவது பெரிதாக்கும் மென்பொருள் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கியதே தவிர, பிக்சலின் வடிவத்தைக் கேட்கவே இல்லை. டிவிடியில் 4:3 படமும் 16:9 படமும் ஒரே 720×576 பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. விரித்துக் காட்டும்போது எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் கூட வருகிறது. அந்தக் குறிப்பு கோப்பில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,sample_aspect_ratio,display_aspect_ratio -of default=nw=1 kavadi.vob
```

வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

வைரவேல்_டர்பன்
```
width=720
height=576
sample_aspect_ratio=16:15
display_aspect_ratio=4:3
```

பழைய_நாடா
முடிந்தது. 4:3 என்று கோப்பே சொல்கிறது. 768×576 ஆக்கிவிட்டுப் பெரிதாக்குங்கள். இதற்கு ஒரு இழையா?

பீனிக்ஸ்_பார்வதி
கோப்பு சொல்வதை உடனே நம்பிவிட முடியாது. 4:3 படத்தைத் திருத்தாமல் விட்டால் 6, 7 சதவீதம்தான் ஒடுங்கும், பலருக்கு அது கண்ணிலேயே படாது. தம்பியோ பனைமரம் என்கிறார். சித்தப்பா 16:9-ல் வைத்து எடுத்திருக்கலாம், டிவிடி ஆக்கிய இடத்தில் 4:3 என்று குறித்திருக்கலாம். 2004 வாக்கில் இது அடிக்கடி நடந்தது.

தம்பி, படத்தில் உருண்டையான ஒரு பொருளைப் பிடியுங்கள், கேமராவுக்கு நேராக நிற்க வேண்டும். வண்டிச் சக்கரம் நல்லது, ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியாக இருக்கட்டும். ஆரத்தித் தட்டு வேண்டாம், யாரும் அதை நேராகப் பிடிப்பதில்லை. உங்களிடம் இருக்கும் 2880×2304 கோப்பிலேயே அளக்கலாம், அதில் எந்தக் குறிப்பும் குறுக்கே வராது. ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் அதையும் அளந்து சொல்லுங்கள்.

வைரவேல்_டர்பன்
ரதத்தை இழுத்துவந்த பக்கி வண்டி கோவில் வாசலில் நிற்கிறது. அதன் பின் சக்கரம் அகலம் 236, உயரம் 338. இடது ஓரம் 35 பிக்சல், வலது ஓரம் 32 பிக்சல் கறுப்பு.

பீனிக்ஸ்_பார்வதி
338 ÷ 236 = 1.43. படம் 4:3 ஆக இருந்தால் இது 1.07 அல்லது 1.09-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஆகவே இது 16:9 படம், குறிப்புதான் தவறு. 576 உயரத்துக்கு 1024 அகலம் வேண்டும். உயரத்தைத் தொடாதீர்கள். அதைக் குறைத்தால் உள்ள விவரத்தைத் தூக்கி எறிவதாகும், அகலத்தைக் கூட்டினால் எதுவும் போகாது.

உம்பிலோ_சிவா
டிவியில் சரியாகத் தெரிந்ததே, அது எப்படி?

பழைய_நாடா
டிவிடியில் IFO என்று தனிக் கோப்பு உண்டு. அதில் 16:9 என்று சரியாக எழுதியிருக்கும், பிளேயர் அதைத்தான் கேட்கும். VOB-ஐ மட்டும் எடுத்தால் அது கூட வராது.

பீனிக்ஸ்_பார்வதி
இருக்கலாம். எதைக் கொடுத்தாலும் திரை முழுக்க இழுத்துவிடும் அகல டிவியாகவும் இருக்கலாம். IFO-வைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

உம்பிலோ_சிவா
சரி, இவ்வளவு பாடு எதற்கு? 2880×2304 கோப்பு கையில் இருக்கிறதே. அதையே 4096×2304 ஆக அகலப்படுத்திவிட்டால் 19 மணி நேரம் மிச்சம்.

பீனிக்ஸ்_பார்வதி
முகம் உருண்டையாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் பெரிதாக்கும் மென்பொருள் ஒல்லி முகத்தைப் பார்த்து, அதற்கேற்ற கூர்மையில் விளிம்புகளை வரைந்திருக்கிறது. அதை அப்புறம் பக்கவாட்டில் 1.42 மடங்கு இழுத்தால் செங்குத்துக் கோடுகள் மட்டும் தடிக்கும், கிடைக்கோடுகள் மெலிதாகவே நிற்கும். புடவைக் கரையிலும் வேல் கம்பியிலும் பாருங்கள், ஒரு பக்கம் பேனாவில் எழுதியது போலவும் மறுபக்கம் தூரிகையால் தீட்டியது போலவும் இருக்கும். இன்னொன்று, இது இன்டர்லேஸ் படம், அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு நேரத்தில் எடுத்துக் கோத்தது. அதைப் பிரிக்காமல் கொடுத்திருந்தால் ஆடும் காவடியின் மயிலிறகில் சீப்புப் பல் மாதிரி வரிகள் வந்திருக்கும், அவற்றையும் மென்பொருள் அழகாகக் கூர்மைப்படுத்தி வைத்திருக்கும். அது அகலப்படுத்தினால் போகாது.

வைரவேல்_டர்பன்
ஆமாம் அக்கா! மயிலிறகில் சீப்பு மாதிரி வரிகள் இருக்கின்றன. கேமரா கோளாறு என்று நினைத்தேன்.

பீனிக்ஸ்_பார்வதி
அப்படியானால் முதலில் வரிகளைப் பிரித்து, அடுத்து வடிவத்தைத் திருத்தி, கடைசியில் பெரிதாக்குங்கள். முழுப் படத்தையும் ஓட்டாமல் 30 விநாடி மட்டும் சோதியுங்கள்.

வைரவேல்_டர்பன்
இதைப் போட்டேன்:

```
ffmpeg -i kavadi.vob -t 30 -vf "bwdif=mode=send_field,scale=1024:576" -c:v ffv1 -c:a copy test.mkv
```

சீப்பு வரிகள் போய்விட்டன. ஆனால் பிளேயரில் ஆயா இன்னும் ஒல்லிதான். 1024×576 என்று காட்டுகிறதே, எப்படி?

பழைய_நாடா
எழுதிக் கொடுத்தாலும் இப்படித்தான்.

பீனிக்ஸ்_பார்வதி
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவராகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். தம்பி, scale அகலத்தை மாற்றும்போது படத்தின் மொத்த விகிதம் மாறக் கூடாது என்று பிக்சல் குறிப்பையும் எதிர்த்திசையில் மாற்றிவிடும். உங்கள் 16:15 இப்போது 3:4 ஆகியிருக்கும். பிளேயர் அந்தப் பேச்சைக் கேட்டு 1024-ஐ மறுபடி 768-க்கு ஒடுக்குகிறது. கடைசியில் `setsar=1` சேருங்கள். கறுப்பு ஓரத்தையும் வெட்டிவிடலாம்:

```
-vf "bwdif=mode=send_field,crop=704:576,scale=1024:576:flags=lanczos,setsar=1"
```

பழைய_நாடா
ஏன் 704? டிஜிட்டல் கேமராவில் 720-ம் படம்தான். 720-க்குப் பிக்சல் விகிதம் 64:45, கணக்கு கச்சிதமாக 1024. வெட்டியதால் ஆயாவுக்கு 2 சதவீதம் இடுப்பு கூடும்.

பீனிக்ஸ்_பார்வதி
பழைய அனலாக் வரியில் படம் இருப்பது 52 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 135 லட்சம் மாதிரி எடுத்தால் அது 702 பிக்சல். மீதி இரு பக்கமும் ஓரம். தம்பியின் 35-ஐயும் 32-ஐயும் நான்கால் வகுத்தால் 9, 8. மிச்சம் 703. அதனால்தான் 704.

பழைய_நாடா
அந்தக் கறுப்பு சித்தப்பாவின் கேமராவின் குறையாகவும் இருக்கலாம். பல டிஜிட்டல் கேமராக்கள் 720 முழுக்கவும் நிரப்பின, வடிவக் கணக்கும் அதற்கேற்பத்தான். ஓரம் கறுப்பாக இருப்பது மட்டுமே சான்றாகாது.

பீனிக்ஸ்_பார்வதி
அதுவும் நியாயம்தான். சக்கரமும் தீர்ப்புச் சொல்லாது. 720 கணக்கில் அதன் உயரம் 336 வந்திருக்க வேண்டும், 704 கணக்கில் 343. அவர் அளந்தது 338. டயரின் மங்கிய விளிம்பில் அளவு இரண்டு மூன்று பிக்சல் இப்படி அப்படிப் போகும். நான் 704 என்பேன், நீங்கள் 720 என்பீர்கள். கறுப்பு ஓரத்தை மட்டும் எப்படியும் வெட்டுங்கள் தம்பி, இல்லாவிட்டால் மென்பொருள் அதன் விளிம்பிலும் கோடு போடும்.

யாங்கோன்_மணி
அம்மா, என் 480 வரிப் படத்துக்கு 648 சரிதானா, இல்லை 640 ஆ? இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

பீனிக்ஸ்_பார்வதி
அண்ணா, உங்களுக்கும் இதே 704, 720 வழக்குதான். ஆனால் உங்கள் படத்தில் அகலத்தைக் குறைக்காமல் உயரத்தை 540 ஆக்குங்கள், விவரம் போகாது. இன்டர்லேஸைப் பிரித்த பிறகுதான் உயரத்தைத் தொட வேண்டும். முன்னால் தொட்டால் இரண்டு நேரத்து வரிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

யாங்கோன்_மணி
நான் முன்னால்தான் தொட்டேன். டிவிடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.

வைரவேல்_டர்பன்
நேரம் போதவில்லை, சனிக்கிழமை சிவா அண்ணா சொன்ன குறுக்குவழியில் அகலப்படுத்தியதைத்தான் போட்டோம். புடவைக் கரை அக்கா சொன்னபடியே தடித்துத்தான் இருந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது. அத்தை திரையைப் பார்த்தவுடன் எழுந்து போய்த் தொட்டுக் கும்பிட்டார். 704 வெட்டி முழுப் படத்தையும் நேற்று இரவு ஓட்ட விட்டிருக்கிறேன். நன்றி.

உம்பிலோ_சிவா
வெட்டியது 704 ஆ, 720 ஆ என்று அத்தை கேட்டாரா?

பழைய_நாடா
IFO-வைத் திறந்து பார்த்தீர்களா? வைரவேல்?