டிராக்கிங் எரர்: 'பின்தொடர் பிழை' சரிதானா?

உதகையிலிருந்து:

வணக்கம். பிளஸ் டூ வணிகவியல் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இண்டெக்ஸ் ஃபண்டுக்குக் 'குறியீட்டு நிதி' என்று வைத்துவிட்டேன், அது பழகிய சொல்தான். டிராக்கிங் எரர், டிராக்கிங் டிஃபரன்ஸ் என்ற இரண்டில்தான் மாட்டிக்கொண்டேன். 'பின்தொடர் பிழை', 'பின்தொடர் வேறுபாடு' என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் வாசித்ததும் இரண்டும் ஒன்றுதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். உங்கள் கருத்து வேண்டும்.

குன்னூரிலிருந்து:

டீச்சர், இரண்டும் ஒன்றேதான், 'பின்தொடர் பிழை' போதும். நிஃப்டியில் உள்ள 50 பங்குகளையும் அதே விகிதத்தில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஃபண்ட் மேனேஜர் என்று ஒருவருக்குச் சம்பளம் தரவேண்டாம், அதனால் செலவு குறைவு. என் ஃபண்ட் போன வருடம் டிவியில் சொல்கிற நிஃப்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியது. இவ்வளவு நெருக்கமாக ஓடுகிற ஒன்றுக்கு இரண்டு சொல் எதற்கு?

கோத்தகிரியிலிருந்து:

பிழை என்றால் அதை யாரிடம் புகார் செய்வது என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலைப் பணத்தில் மாதம் 2,000 ரூபாய் ஒரு குறியீட்டு நிதியில் போடுகிறேன். சேர்த்துவிட்டவர், "இதில் பிழை 0.04 சதவீதம்தான், இருப்பதிலேயே குறைவு" என்றார். இப்போது மாத அறிக்கையைப் பார்த்தால், ஓராண்டு வருமானம் குறியீட்டைவிட முக்கால் சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. கேட்டு எழுதினேன். பிழை வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. பிழை இல்லை என்கிறார்கள், பணம் மட்டும் குறைகிறது.

கேத்தியிலிருந்து:

கோத்தகிரி அண்ணா, அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. பணி ஓய்வு பெறும்வரை இந்த நிதிகளின் கணக்குப் பக்கத்தில்தான் வேலை பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் இலைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் ஏலத்தை வைத்து மாத சராசரி விலை வருகிறது. உங்கள் இலை ஏஜென்ட் கிலோவுக்கு 2 ரூபாய் பிடித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். சராசரி 20 என்றால் கையில் 18, 25 என்றால் 23. ஒரு மாதம்கூட மாறாது. சராசரிக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் 2 ரூபாய், அதுதான் டிராக்கிங் டிஃபரன்ஸ். அந்தத் தூரம் மாதாமாதம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதுதான் டிராக்கிங் எரர். உங்கள் கணக்கில் அது சுழி. ஏஜென்ட் 4 ரூபாய் பிடித்தாலும் சுழியேதான்!

நிதியிலும் இப்படித்தான். செலவை ஆண்டு முடிவில் மொத்தமாக எடுப்பதில்லை. தினமும் ஒரு துளி எடுக்கிறார்கள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு. டிராக்கிங் எரர் என்பது தினசரி வித்தியாசங்களின் திட்ட விலக்கம். எல்லா நாளும் ஒரே அளவு குறைந்தால் அந்தக் கணக்கில் ஒன்றும் தெரியாது. நிதி நிறுவனத்திடம் நேராக வாங்கும் டைரக்ட் திட்டம், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டம் என்று ஒரே நிதிக்கு இரண்டு உண்டு, இரண்டிலும் எரர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ரெகுலரில் விநியோகஸ்தர் கமிஷன் சேர்வதால் பின்தங்கும் தூரம் மட்டும் கூடும். உங்களுடையது ரெகுலராகத்தான் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. குறியீடு ஆண்டுக்கு 12% தருகிறது, டைரக்டில் செலவு 0.2%, ரெகுலரில் 0.8% என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் 1 லட்சத்துக்கு வித்தியாசம் சுமார் 670 ரூபாய். 20 ஆண்டு கழித்து டைரக்டில் ஏறக்குறைய 9.27 லட்சம், ரெகுலரில் 8.21 லட்சம். இந்த 1 லட்சத்துச் சொச்சத்தை டிராக்கிங் எரர் காட்டவே காட்டாது.

குன்னூர் சாருக்கு இரண்டு விஷயம். குறியீட்டு நிதிக்கும் மேனேஜர் உண்டு. செலவு குறைவதற்குக் காரணம் வேறு. நிஃப்டியில் ஒரு நிறுவனத்தின் பங்களவு அதன் சந்தை மதிப்பைப் பொறுத்தது. விலை ஏறினால் குறியீட்டில் அதன் பங்களவு கூடும், நிதியின் கையிலிருக்கும் பங்கின் மதிப்பும் தானாகவே அதே அளவு கூடிவிடும். அதற்காக எதையும் வாங்கி விற்க வேண்டாம். பெரிய மாற்றம் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான். 2024 செப்டம்பரில் டிவிஸ் லேபரட்டரீஸும் எல்டிஐமைண்ட்ட்ரீயும் போய், டிரென்டும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வந்தன. 50இல் இரண்டு மட்டும். நிறுவனங்களை ஆராய்ந்து பங்கு தேர்வு செய்கிற நிதிக்கோ ஆய்வாளர்கள் குழு வேண்டும், அடிக்கடி வாங்கி விற்கத் தரகும் வரியும் கட்ட வேண்டும்.

அடுத்தது, டிவியில் ஓடும் நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது. நிதிக்கு டிவிடெண்ட் வருகிறது. அதனால்தான் உங்களுடையது முந்தியதுபோலத் தெரிந்தது. டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீட்டோடு, அதாவது TRI என்று அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டால் பின்தங்கியிருப்பது தெரியும்.

சொல்லுக்கு வருகிறேன். தூரத்துக்கு 'இடைவெளி', அது ஆடுவதற்கு 'இடைவெளி அலைவு'. இரண்டாவது முதலாவதிலிருந்தே பிறப்பதால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. பிழை வேண்டாம். அந்தச் சொல்தான் அண்ணாவைப் புகார் எழுத வைத்தது.

குன்னூரிலிருந்து:

TRI பார்த்தேன். 0.3 குறைவு. இத்தனை நாள் தவறாக ஒப்பிட்டிருக்கிறேன், நன்றி. ஆனால் குறைவது செலவால்தான் என்றால் 'பின்தங்கல்' என்று நேராகச் சொல்லலாமே? இடைவெளி என்றால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

கேத்தியிலிருந்து:

எப்போதும் பின்தங்காது சார். சந்தை சரியும் நாளில் கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் நிதி குறியீட்டைவிடக் குறைவாக விழும். இன்னொன்று, 2020 மார்ச். யெஸ் வங்கியை நிஃப்டியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75% மூன்று ஆண்டுக்குப் பூட்டப்பட்டது. குறியீட்டு நிதிகளும் அதில் அகப்பட்டன. குறியீட்டில் இல்லாத ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. அந்தப் பங்கு ஏறும் நாளில் நிதி சற்று முந்தும், இறங்கும் நாளில் பிந்தும். அலைவு கூடுவது இப்படித்தான். அதில் யாருடைய பிழையும் இல்லை.

கூடலூரிலிருந்து:

இடைவெளி நல்ல சொல். அலைவை ஏற்க முடியவில்லை. இயற்பியல் பாடத்தில் அலைவு என்றால் ஊசல்போல ஒழுங்காகப் போய்வருவது. இங்கே ஒழுங்கே கிடையாது. புள்ளியியல் பாடத்தில் திட்ட விலக்கத்தைச் சிதறல் அளவை என்றுதான் சொல்லித் தருகிறோம். 'இடைவெளிச் சிதறல்' என்றால் மாணவர்கள் ஏற்கெனவே படித்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து:

கேத்தி அண்ணன் சொன்னதுபோல என்னுடையது ரெகுலர்தான். டைரக்டுக்கு மாற்றினால் விற்று வாங்கிய கணக்கு என்கிறார்களே, பழைய பணத்துக்கு வரி வருமா? சொல்லைப் பொறுத்தவரை, சிதறல் என்றால் பணமே சிதறியதுபோல எங்கள் ஊரில் பயப்படுவார்கள். அலைவு பரவாயில்லை.

கேத்தியிலிருந்து:

ஆமாம், அது விற்பனைதான். லாபம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டுகிறதா, வெளியேறும் கட்டணம் உண்டா என்று பார்த்த பிறகு பழையதைத் தொடுங்கள். புது மாதத் தவணையை மட்டும் டைரக்டில் இன்றே தொடங்கலாம், அதற்கு வரி இல்லை. சிதறலா அலைவா என்பதில் கூடலூர் சார் சொன்னதை இன்னும் யோசிக்கிறேன்.

உதகையிலிருந்து:

டிராக்கிங் டிஃபரன்ஸுக்கு 'இடைவெளி' என்றே எழுதிவிட்டேன், இலை ஏஜென்ட் கணக்கோடு சேர்த்து. அடுத்த பத்தியில் இடைவெளிச் சிதறல், இடைவெளி அலைவு இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.