புதுப்பிப்பு: நான் முதல்ல கிளம்புறேன், அவருக்கு எழுதிவச்ச கடிதம்

நான் கேட்டது: "நர்ஸ் வேலைக்கு நான் முதல்ல வெளிநாடு போறேன், அவர் பிறகுதான் வருவார். தண்டையார்பேட்டை வீட்ல என்ன எழுதிவச்சிட்டுப் போறது?"

எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது ராயபுரம் அக்கா சொன்னது: மனசுக்கு ஒரு தாள், வீட்டுக் கணக்குக்கு வேற தாள். முதல்ல எழுதினதுல "உங்களை விட்டுட்டு எப்படி இருப்பேன்"னு ஒரு வரி, அடுத்ததே கரண்ட் பில். ரெண்டுமே மனசுல நிக்கல. பிரிச்சதும் கடிதம் பத்து வரிதான். மூணு இடத்துல இருந்த "மன்னிச்சிடுங்க"வையும் எடுக்கச் சொன்னாங்க; சேர்ந்து எடுத்த முடிவு என் தப்பு மாதிரி ஆயிடுமாம். அதுக்குப் பதிலா, "ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல மீன் வாங்கினா எனக்குப் படம் அனுப்புங்க"ன்னு எழுதினேன்.

ரெண்டு மாசத்துக்கொரு தரம் வர்ற கரண்ட் பில், சிலிண்டர் நம்பர், அவர் விசாவுக்கு வேண்டிய கல்யாணச் சான்றிதழ் இருக்கிற கவர், எல்லாம் கணக்குத் தாள்ல. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன்.

வாய்ஸ் நோட் போதும்னு சொன்ன தம்பி, குரல் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல சிலிண்டர் நம்பரைத் தேட முடியாது. விவாகரத்துன்னு நினைச்சு ஆறுதல் சொன்ன அண்ணா, அது இல்லீங்க.

எதிர்பாராதது: கடிதத்தை அரிசி டப்பாவுல வச்சேன். அவர் அஞ்சு நாள் கடையிலேயே சாப்பிட்டிருக்கார்! பேஸ்ட், பிரஷ் பக்கத்துல வச்சிருந்தா அன்னிக்கே கையில கிடைச்சிருக்கும். திரும்பி வர்ற தேதியை எழுதலாமா வேணாமான்னு மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடல.