டெம்ப்ளேட் உடைந்தால் சத்தம் கேட்குமாம்!

கணக்குமேசை: 340 சப்ளையர்களிடமிருந்து இன்வாய்ஸ் வருகிறது. அவற்றிலிருந்து தொகையைத் தானாகப் படித்தெடுக்க ஒவ்வொருவருக்கும் டெம்ப்ளேட் எழுதுவதா, லேஅவுட்டைக் கற்றுக்கொள்ளும் மாடலுக்குப் போவதா?

பழையபேனா: டெம்ப்ளேட்தான், யோசிக்கவே வேண்டாம். உடைந்தால் சத்தம் போட்டு உடையும். தொகை காலியாக வரும், அன்றைக்கே தெரிந்துவிடும். மாடலோ தப்பான தொகையைச் சிரித்த முகத்தோடு நீட்டும்.

ஒற்றைக்கொம்பு: "சத்தம் போட்டு உடையும்" என்பதை எத்தனை இழையில்தான் படிப்பது? நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு சப்ளையருக்கு இப்படி எழுதி வைத்திருந்தேன்:

```
Total\s+([\d,.]+)
```

அவருடைய இன்வாய்ஸில் `Subtotal 10,000.00`, அடுத்து `Tax 1,000.00`, கடைசியில் `Total 11,000.00`. முதல் வரியில் இருப்பது சின்ன t என்பதால் மாட்டாது. ஏழு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அவர் பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றினார், `Sub Total` என்று இடைவெளி விட்டு அச்சாக ஆரம்பித்தது. முதலில் மாட்டுவதை எடுப்பதால் தொகை 10,000 ஆகிவிட்டது. காலியாக வரவில்லை. மூன்று வாரம் வரியைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்பியிருக்கிறோம். அவர் நிலுவைப் பட்டியல் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. எங்கே ஐயா சத்தம்?

பழையபேனா: எழுதத் தெரியாமல் எழுதிவிட்டு டெம்ப்ளேட்டைத் திட்டினால் எப்படி? முன்னால் `^\s*` போட்டு, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார்க்கச் சொல்லியிருந்தால் தீர்ந்தது.

ஒற்றைக்கொம்பு: அதை அன்றைக்கே போட்டாயிற்று. கேள்வி அதுவல்ல. சத்தம் கேட்டதா, இல்லையா?

தினக்கூலி: இந்த வம்பே வேண்டாம் என்றுதான் நாங்கள் மாடலுக்கு வந்தோம். நாம் திருத்தத் திருத்த அதுவே கற்றுக்கொள்ளும்.

ஒற்றைக்கொம்பு: என் கட்சி என்றாலும் நீங்கள் சொல்வது பாதிதான். நீங்கள் திருத்துவது ஒரு டேபிளில் போய் உட்காரும், அவ்வளவுதான். யாராவது அதை எடுத்து மறுபடி பயிற்சி கொடுத்தால்தான் மாடல் மாறும். எங்கள் மாடலும் ஒருமுறை சொதப்பியது. அதே 11,000 இன்வாய்ஸில் பழைய பாக்கி 4,000 சேர்ந்து `Amount Due 15,000.00` என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதையே மொத்தம் என்று எடுத்தது, நம்பிக்கை மதிப்பு 0.97. பிடித்துக் கொடுத்தது பின்னால் வைத்திருந்த கூட்டல் சோதனை: 10,000உடன் 1,000 சேர்த்தால் 15,000 வராது. அந்தச் சோதனை முன்பே இருந்திருந்தால் `Sub Total` கூத்தும் முதல் நாளே மாட்டியிருக்கும்.

பழையபேனா: ஆக, மாடலும் சத்தமில்லாமல் தப்பு செய்யும். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது, நன்றி.

கடைசிபெஞ்ச்: எங்களுக்கு டெலிவரி சீட்டெல்லாம் கையெழுத்தில்தான் வரும். அதற்கு எது சரி?

பழையபேனா: தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள்.

கணக்குமேசை: ஒரு தகவல் விட்டுப்போனது. பத்தில் ஏழு இன்வாய்ஸ் 25 சப்ளையர்களிடமிருந்துதான் வருகிறது. மீதிப் பேர் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

ஒற்றைக்கொம்பு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த 25 பேருக்கு டெம்ப்ளேட், மீதி 315க்கு மாடல். வருடத்துக்கு ஒரு தாள் அனுப்புகிறவருக்கு டெம்ப்ளேட் எழுதினால், அடுத்த தாள் வருவதற்குள் அவர் வடிவத்தையே மாற்றியிருப்பார். ஆனால் மாடலைச் சோதிக்கும்போது சில சப்ளையர்களை அடியோடு ஒதுக்கி வையுங்கள், பயிற்சியில் அவர்களின் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது. தாள்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால், ஏற்கெனவே பார்த்த வடிவத்தையே பரீட்சையிலும் பார்த்துவிட்டு மாடல் பிரமாதமாக மதிப்பெண் வாங்கும். புதிய சப்ளையர் வந்ததும் குட்டு வெளிப்படும். அப்புறம், மொத்தம் மட்டும் அச்சடித்து வரும் தாளில் கூட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. அது நேரே ஆள் கைக்குப் போகட்டும்.

பழையபேனா: பத்தில் ஏழுக்கு டெம்ப்ளேட்! நான் சொன்னதும் அதுதான். போன மாதம் பார்கோடு இழையிலும் இப்படித்தான், கடைசியில் என் பக்கமே வந்து நின்றீர்கள்.

ஒற்றைக்கொம்பு: பார்கோடு இழையில் நடுவில் காணாமல் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தினக்கூலி: 0.97 என்றால் நல்ல மதிப்புதானே?

ஒற்றைக்கொம்பு: உங்கள் தாள்களில் 0.97க்கு எத்தனை தப்பு வருகிறது என்று எண்ணிப் பார்க்காதவரை அது வெறும் எண். ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த 200 இன்வாய்ஸை ஓட்டி, கணக்கில் ஏறிய தொகையோடு ஒப்பிடுங்கள்.

பழையபேனா: விஷயத்துக்கு வருவோம். `^` போட்ட பிறகு அந்த சப்ளையர் `Grand Total` என்று மாற்றினால் என்ன ஆகும்? மாட்டாது, காலி வரும். அதுதான் நான் சொன்ன சத்தம்.

ஒற்றைக்கொம்பு: சரக்குப் பட்டியலின் அடியில் `Total 40 10,000.00` என்று ஒரு வரி சேர்த்தால்? வரி தொடங்குவதே Totalதான். உங்கள் `^` அழகாக மாட்டி, 40ஐ எடுத்துக் கொடுக்கும். 40 உருப்படிகள் ஐயா, தொகை இல்லை.

பழையபேனா: அப்படி யார் அச்சடிக்கிறார்கள்?

கணக்குமேசை: எங்களிடம் மூன்று பேர்.