உள்ளுறை வெப்பம்: ஏழாம் வகுப்புக்கு வேறு சொல் உண்டா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்கான துணைநூலில் பனிக்கட்டி உருகுவது பற்றிய பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பாடம் ஒரு சோதனையில் தொடங்குகிறது. நொறுக்கிய பனிக்கட்டியை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, சிறு தீயில் வைத்து, கிளறிக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்க்க வேண்டும். அடுப்பு எரிகிறது, பனிக்கட்டி கரைகிறது, ஆனால் வெப்பமானி 0-வை விட்டு அசைய மறுக்கிறது. பிள்ளைகள் அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் சொல்கிறார்கள். கொடுத்த சூடு எங்கே போனது என்ற கேள்வி அங்கே தானாக வருகிறது. அதற்குப் பதிலாக, "இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்" என்று எழுதியிருந்தேன்.

வரைவைப் படித்த மாணவி ஒருத்தி, "உள்ளே உறைஞ்சு போன வெப்பமா மிஸ்?" என்று கேட்டாள். இரண்டு பக்கம் முன்னால்தான் "நீர் பனிக்கட்டியாவது உறைதல்" என்று நானே எழுதியிருக்கிறேன். அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

நன்னூலடிமை எழுதியது:

அம்மா, சொல்லை மாற்ற வேண்டாம். உறைதல் என்றால் தங்குதல். "வானுறையும் தெய்வம்" என்று குறளில் படிக்காத பிள்ளை உண்டா? தொல்காப்பியர் சொல்லும் உள்ளுறை உவமமும் இதே சொல்தான். வெளியே சொல்லாமல் உள்ளே தங்கும் பொருள். வெப்பமானியில் தெரியாமல் உள்ளே தங்கும் வெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இன்னும் ஒரு படி போகிறேன். ஓடும் நீர் ஓரிடத்தில் தங்கிவிட்டால் அதுவும் உறைதல்தானே? பாலுக்கு உறை ஊற்றுகிறோம், பால் அசையாமல் நிற்கிறது. தங்குவதும் கெட்டியாவதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. உறைகிணற்றின் உறையையும் தலையணை உறையையும் இங்கேயே சேர்க்கலாம், உள்ளே ஒன்றைத் தங்க வைப்பதால். குழப்பம் என்று நீங்கள் நினைக்கும் இடம் மொழியைக் கற்பிக்க நல்ல இடம்.

பனங்காடு எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது மறைவெப்பம். இந்தச் சிக்கல் எங்களுக்கு வந்ததே இல்லை. சிறிய சொல், பார்த்தவுடன் விளங்கும்.

அதோடு இன்னொன்று. "100 கிராம் நிறையுள்ள பனிக்கட்டி" என்று உங்கள் வரைவில் இருக்கிறது. உங்களுக்கு நிறை வேறு, எடை வேறு. எங்கள் பாடநூல்களில் நீங்கள் நிறை என்பது திணிவு, நீங்கள் எடை என்பதுதான் நிறை. எங்கள் பிள்ளைகளும் இந்த நூலை வாசிப்பார்கள் என்றால் அதையும் ஒருக்கால் பாருங்கோ.

குன்னூர் வாத்தியார் எழுதியது:

வெப்பமானி நிற்பது பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் நீரைக் கொதிக்க வைத்தால் 94-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். புத்தகம் 100 என்கிறது, பிள்ளைகள் நோட்டில் 100 என்றே எழுதிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டு அச்சில் இருப்பதை எழுதுகிறார்கள். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும் என்று ஒரு வரி சேருங்கள் அம்மா. சொல் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

வைகைக்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா, அந்த வரி கட்டாயம் சேரும். ஆனால் நான் கேட்டது பெயரைப் பற்றி. மறைவெப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. யாருக்காவது மறுப்பு உண்டா?

அலகு எழுதியது:

எனக்கு உண்டு. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வெப்பவியல் நடத்துகிறேன். வெப்பம் பனிக்கட்டிக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அப்போதும் நம்புகிறார்கள்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இரண்டு குடுவைகளை ஒரு கூடத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் பனிக்கட்டியளவு குளிர்ந்த நீர். நீர் அரை மணி நேரத்தில் எட்டிய சூட்டைப் பனிக்கட்டிக் குடுவை எட்டப் பத்தரை மணி நேரம் ஆனது. இடையில் வாங்கிய வெப்பம் வெப்பமானியில் தெரியாததால் அதை மறைந்திருப்பது என்றார். துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதைத் தளர்த்தவே அந்த வெப்பம் செலவாகிறது என்று நமக்கு இப்போது தெரியும். துகள்களின் வேகம் கூடுவதில்லை, அதனால்தான் வெப்பமானி நிற்கிறது.

என் யோசனை: பெயரைக் கடைசியில் வையுங்கள், முதலில் ஒரு கணக்கு. 0 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி. அதில் 40 டிகிரி வெந்நீர் 200 கிராம் ஊற்றினால் கலவையின் வெப்பநிலை என்னவாகும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். 26, 27 என்பார்கள். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும், 100 கிராமுக்கு 33,400. அந்த வெந்நீர் 0 வரை ஆறினால் தருவதும் ஏறக்குறைய அவ்வளவேதான். ஆக, கலவை 0-வில் வந்து நிற்க வேண்டும்.

வகுப்பில் சரியாக 0 வராது. டம்ளரின் சூடும் அறையின் சூடும் சேரும், கடைசிச் சில்லுகள் உருக நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று டிகிரியில் நிற்கும். பனிக்கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் போடாதீர்கள், அது 0-வுக்கு வெகு கீழே இருக்கும். மேற்பரப்பு ஈரமாகும் வரை வெளியே வைத்து, துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கள்.

இதைப் பார்த்த பிள்ளைக்கு "உருக்கும் வெப்பம்" போதும். கொதிப்பதற்கு "ஆவியாக்கும் வெப்பம்".

நன்னூலடிமை எழுதியது:

நீர் பனிக்கட்டியாகும்போது அதே வெப்பம் வெளியே வருகிறதே? அதையும் உருக்கும் வெப்பம் என்பீர்களா? செயலின் பெயரை வைத்தால் எதிர்ச்செயலுக்கு அது பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாக நிலைமாற்ற வெப்பம் என்றாவது வையுங்கள்.

அலகு எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. "உருகும்போது வாங்கியதை உறையும்போது திருப்பித் தருகிறது" என்று ஒரு வாக்கியத்தில் சமாளிக்கலாம். முழுத் தீர்வு இல்லைதான்.

வைகைக்கரை எழுதியது:

நிலைமாற்ற வெப்பத்தைப் போட்டு எழுதிப் பார்த்தேன்: "வெப்பநிலை மாறாமல் திட நிலை திரவ நிலையாக மாறத் தேவையானது நிலைமாற்ற வெப்பம்." ஒரு வாக்கியத்தில் நான்கு நிலை, மூன்று மாற்றம். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பிள்ளை பாதியில் நின்றுவிடும்.

அதனால் பாடம் முழுக்க உருக்கும் வெப்பம் என்றே எழுதுகிறேன். மேல்வகுப்பில் உள்ளுறை வெப்பம்தான் வரும், அதைப் பார்த்து மிரளக் கூடாது என்பதால் கடைசியில் பெட்டிச் செய்தியாக "பெரிய வகுப்பில் இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள், இலங்கையில் மறைவெப்பம்" என்று சேர்க்கிறேன். அலகு சொன்ன சோதனை முன்னால் வரும். நிறை, திணிவுக்கு இந்த வாரம் நேரமில்லை, "100 கிராம் பனிக்கட்டி" என்று மட்டும் திருத்திவிட்டேன்.

பனங்காடு எழுதியது:

சரி, எனக்குச் சம்மதம். ஆனால் திணிவு அடுத்த பாடத்திலும் வருமே, அப்போது தப்ப முடியாது.

நன்னூலடிமை எழுதியது:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பெட்டியில் உறைதலின் இரண்டு பொருளையும் ஒரு வரியில் விளக்குங்கள். அது இல்லாமல் அச்சாகுமானால், மொழி சரிபார்த்தவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.