ஏற்காட்டில் தகரக்கூரை வீடு, கிட்டார் பதிவு: பிக்கப்பா, மைக்கா?

நாகலூர்க்காரன்

நாகலூர் பக்கம் எஸ்டேட் குடியிருப்பில் ஒற்றை அறை, மேலே தகரக்கூரை. நானே பாடி, நானே வாசித்து, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு, இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். கிட்டாரில் சேலத்துக் கடையில் போட்டுக்கொடுத்த பியசோ பிக்கப், தந்திகள் அழுத்தி நிற்கும் சேடிலுக்கு அடியில் இருக்கிறது, பேட்டரி கிடையாது. பதிவில் சத்தம் சன்னமாக, காதைக் கூசுகிற மாதிரி வருகிறது. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும். பிக்கப்பை மாற்றவா, கண்டென்சர் மைக் வாங்கவா? பெரும்பாலும் விரலால் மீட்டுவேன், பல்லவியில் மட்டும் ஸ்ட்ரம்மிங். கிட்டாரும் குரலும் தவிர பாட்டில் வேறு எதுவும் இல்லை.

மேடைக்கிட்டார்

மைக்கை மறந்துவிடுங்கள் தம்பி. ஐப்பசி மழையில் தகரத்துக்கு அடியில் கண்டென்சரைத் திறந்தால் மழைதான் பதிவாகும், பாட்டு பதிவாகாது. சேலத்தில் கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா எல்லாவற்றுக்கும் நான் பிக்கப்பில்தான் வாசிக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை. பேட்டரி வைத்த பிக்கப்பாக மாற்றுங்கள். அப்புறம் ஈக்யூவில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஐந்தாறு டெசிபெல் இறக்கி, அடியில் கொஞ்சம் ஏற்றினால் வேலை முடிந்தது.

பட்டறைஒலி

எதையும் வாங்குவதற்கு முன் இன்டர்ஃபேஸைப் பாருங்கள். கிட்டார் வயரைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று மாற்றும் பட்டன் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது?

பேட்டரி இல்லாத பியசோவால் பெரிதாக மின்னோட்டம் கொடுக்க முடியாது. அழுத்தத்துக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தம் எழும், அவ்வளவுதான். லைன் உள்ளீட்டின் மின்மறுப்பு பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அதில் செருகினால் தாழ்ந்த சுரங்கள் அங்கேயே வடிந்துபோய், உச்சத்தில் இருக்கும் கீச்சு மட்டும் மிஞ்சும். நீங்கள் சொல்லும் சன்னமான சத்தம் பெரும்பாலும் இதனால்தான். இன்ஸ்ட்ருமென்ட் நிலையில் பத்து லட்சம் ஓம் கிடைக்கும், நிறையத் தேறும். அதிலும் 150 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்க ஆரம்பிக்கும், உங்கள் ஆறாவது தந்தியோ 82 ஹெர்ட்ஸ். முழு அடிநாதமும் வேண்டும் என்றால் ஒரு கோடி ஓம் உள்ளீடு கொண்ட சின்ன ப்ரீஆம்ப் இடையில் வேண்டும். பிக்கப்பையே மாற்றுவதைவிட அது எளிது.

கோயர்அக்கா

தம்பி, எங்கள் சர்ச்சில் கிட்டாருக்கு மைக் வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஆகவே பிக்கப்தான். அதோடு ஒலித்துளையை மூடும் ரப்பர் வட்டு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், ஃபீட்பேக் அடங்கிவிடும்.

பட்டறைஒலி

அக்கா, அது மேடைக்குச் சரி. தம்பி ஹெட்ஃபோனில் கேட்டுப் பதிவு செய்கிறார், ஊளையிட அங்கே ஸ்பீக்கர் இல்லை. பதிவின்போது துளையை மூடினால் கிட்டாரின் அடிநாதம்தான் குறையும்.

நாகலூர்க்காரன்

லைனில்தான் இருந்தது அண்ணா. இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு மாற்றியதும் அடிநாதம் வந்துவிட்டது, பெரிய வித்தியாசம். மெதுவாக மீட்டும்போது இப்போது கேட்க நன்றாகவே இருக்கிறது. பல்லவியில் ஸ்ட்ரம் பண்ணும்போது மட்டும் ஒவ்வொரு அடியிலும் ‘க்வாக்’ என்று ஒரு பிளாஸ்டிக் சத்தம். அண்ணன் சொன்ன மாதிரி 2 கிலோஹெர்ட்ஸில் இறக்கிப் பார்த்தேன். சத்தம் மங்கியது, க்வாக் போகவில்லை.

மேடைக்கிட்டார்

ஐந்தாறு போதாது என்றால் பத்து இறக்குங்கள். எந்த அலைவரிசையில் உறுத்துகிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டறைஒலி

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். க்வாக் ஒரு அலைவரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரச்சினை என்றால் ஈக்யூ தீர்த்துவிடும். அது நேரத்தில் இருக்கும் பிரச்சினை.

தந்தியை அடித்த கணத்தில் அது சேடிலை ஓங்கித் தள்ளுகிறது. பியசோ உட்கார்ந்திருப்பது சேடிலுக்கு நேர் அடியில், ஆகவே அந்தத் தள்ளலை முழுசாக வாங்கிக்கொள்கிறது. நம் காதுக்கு வருவது அது இல்லை. மேல்பலகை அசைந்து, உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அசைந்து, அந்த மொத்தமும் அறைக்குள் பரவி வருவதைத்தான் கேட்கிறோம். தம்பி, இரண்டு அடி ஸ்ட்ரம் பதிவு செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து, உடனே சரிந்து, அதன்பிறகு ஒலி மெலிதாக ஓடும். ஈக்யூவில் பத்து டெசிபெல் இறக்கினால் ஊசியோடு சேர்த்துப் பின்னால் ஓடும் நல்ல ஒலியிலும் பத்து போய்விடும். மங்கியது, க்வாக் போகவில்லை என்று நீங்கள் எழுதியது அதைத்தான். மெதுவாக மீட்டும்போது அந்த ஊசி சின்னது, அதனால்தான் அங்கே உறுத்தவில்லை.

கல்யாண மண்டபத்தில் டிரம்ஸ், கீபோர்டுக்கு நடுவில் இது யாருக்கும் தெரியாது. மேடைக்கிட்டார் அண்ணன் அனுபவம் அந்த இடத்தில் உண்மை. கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கும் பாட்டில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. என் ஓட்டு மைக்குக்கு.

அம்மாபேட்டைதறி

எங்கள் கதையையும் கேளுங்கள். நான் இருப்பது அம்மாபேட்டை, இரண்டு பக்கமும் விசைத்தறி. சுவர் வழியாகவே அதிர்வு வரும். பகலில் மைக்கைத் திறந்தால் தறியின் தாளத்துக்குத்தான் பாட வேண்டும். பகல் முழுக்க பிக்கப்பில் பயிற்சிப் பதிவு செய்துவைப்பேன். கரண்ட் போனால் தறி நிற்கும், உடனே மைக்கை எடுப்பேன். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே ஓடுகிறது, கண்டென்சருக்கான 48 வோல்ட்டையும் அதுவே கொடுக்கிறது. மின்விசிறியும் நின்றிருக்கும், இன்னும் நல்லது. நாகலூரில் மழைக்கு இடைவெளியே கிடையாதா?

நாகலூர்க்காரன்

விடியற்காலையில் பெரும்பாலும் நின்றிருக்கும். சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் தகரத்தில் விழும்.

மேடைக்கிட்டார்

சொட்டுச் சத்தம் மழையைவிட மோசம். மழை ஒரே சீராக இருக்கும், சொட்டு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. தம்பி பாடிக்கொண்டே வாசிக்கிறார். கிட்டாருக்கு மைக் வைத்தால் அதில் குரலும் சேர்ந்து விழும். ஒரு வரி சுருதி தப்பினால் குரலை மட்டும் திரும்ப எடுக்க முடியாது. இதற்கு என்ன பதில்?

பட்டறைஒலி

நல்ல கேள்வி, பிக்கப்பின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது.

தம்பி, முதல் சுற்றில் வழக்கம்போல பாடிக்கொண்டே வாசியுங்கள், கிட்டார் பிக்கப்பில் மட்டும் போகட்டும். குரலை லேப்டாப் மைக்கில் பிடித்தாலும் போதும், இது வழிகாட்டிதான். இரண்டாவது சுற்றில் காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோனில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் கிட்டாரை மட்டும் மைக்கில் வாசியுங்கள். பாடும்போது வரும் நடை உங்கள் குரலிலேயே இருப்பதால் கை அதைப் பின்தொடரும். மூன்றாவதாக, அதே மைக்கில் குரல்.

மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஒரு அடி தள்ளி வையுங்கள். முனை கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். துளைக்கு நேராக வேண்டாம். உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து அங்கே ‘பொம்’ என்று தள்ளும். சொட்டுச் சத்தம் தொந்தரவு செய்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். கிட்டார் ஆறு டெசிபெல் அளவுக்கு ஏறும், கூரை அப்படியே இருக்கும். ஆனால் அடிநாதம் கொஞ்சம் வீங்கும், நீங்கள் அசைந்தால் உடனே ஒலி மாறும்.

அம்மாபேட்டைதறி

இரண்டாவது சுற்றில் பிக்கப்பையும் சேர்த்தே பதிவு செய்து கலக்கலாம் இல்லையா? நான் அப்படிச் செய்து பார்த்தேன். குடத்துக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி கேட்டது, விட்டுவிட்டேன்.

பட்டறைஒலி

கலக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. சேடிலில் இருக்கும் பிக்கப்புக்கு ஒலி உடனே கிடைக்கிறது. 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்குக் காற்றில் நடந்து வர 0.87 மில்லிவினாடி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 42 சாம்பிள். அப்படியே கலந்தால் 570 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒரு பள்ளம் விழும், அதற்கு மேலேயும் வரிசையாகப் பள்ளங்கள். நீங்கள் கேட்ட குடம் அதுதான்.

ஒரே ஒரு தந்தியை மீட்டி, இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கி, மைக்கின் முதல் எழுச்சி பிக்கப்பின் எழுச்சியோடு சேரும்வரை மைக் ட்ராக்கை முன்னால் இழுங்கள். 42 என்பது தொடக்கக் கணக்கு, கடைசியில் காதுதான். பிறகு ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடிநாதம் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. மைக் முக்கால் பங்கு, பிக்கப் அடியில் கொஞ்சம் என்று வைத்தால் நிற்கும்.

நாகலூர்க்காரன்

நாங்கள் மலை மேல் 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறோம், காற்று மெலிசு. ஒலியின் வேகம் மாறாதா?

பட்டறைஒலி

உயரத்தால் மாறாது, குளிரால் கொஞ்சம் குறையும். 30 சென்டிமீட்டரில் ஒரு சாம்பிள்கூட வித்தியாசம் வராது.

கோயர்அக்கா

தம்பி, வாங்குவதற்கு முன் எங்கள் பாடகர்களின் டைனமிக் மைக் ஒன்றைக் கொண்டுபோய் முயன்று பாருங்கள். அஸ்தம்பட்டிக்கு வந்தால் தருகிறேன்.

பட்டறைஒலி

மைக் இடம் பழக அது நல்ல வழி. ஆனால் விரல் மீட்டலுக்கு அதில் வெளியீடு குறைவு. இன்டர்ஃபேஸில் கெயினை நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், கூடவே ‘ஸ்ஸ்’ இரைச்சலும் ஏறும். அந்த இரைச்சலை வைத்துக் கண்டென்சரை எடைபோடாதீர்கள்.

மேடைக்கிட்டார்

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சரணத்தில் பிக்கப் நன்றாக இருக்கிறது என்று தம்பியே சொல்லிவிட்டார். பல்லவிக்கு மட்டும் மைக் போதும், எதற்கு முழுப் பாட்டையும் திரும்ப வாசிப்பது?

பட்டறைஒலி

பல்லவி வந்ததும் கிட்டாரே மாறிவிட்டது போல இருக்கும். இரண்டே ஒலி இருக்கும் பாட்டில் அது நன்றாகத் தெரியும்.

மேடைக்கிட்டார்

பல்லவியில் ஒலி விரிவதைக் கேட்பவர்கள் விரும்பவும் செய்யலாம். தம்பி, அக்காவிடம் மைக் வாங்கிக்கொண்டு போய் இரண்டு விதமாகவும் எடுத்து, சொட்டுச் சத்தத்தோடு அப்படியே இங்கே போடுங்கள். எது எது என்று எழுதாமல் போடுங்கள், கேட்டுவிட்டு நான் சொல்கிறேன்.

நாகலூர்க்காரன்

சரி அண்ணா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அஸ்தம்பட்டிக்கு வருகிறேன் அக்கா. ப்ரீஆம்ப் வாங்குவதை அதுவரை தள்ளி வைக்கிறேன்.